துருப்பிடித்த கிரப் ஸ்குரூ: டேபிள் ஃபேன் இறக்கையை ஷாஃப்ட் கெடாமல் கழற்றும் முறை

டேபிள் ஃபேனின் பின்வலையைக் கழுவ வேண்டுமா, ஷாஃப்டைத் தாங்கும் முன்பக்க புஷ்ஷைப் பார்க்க வேண்டுமா, வளைந்த இறக்கையை மாற்ற வேண்டுமா? எதற்கும் முதலில் இறக்கை வெளியே வர வேண்டும். அந்த இறக்கையை மோட்டாரின் ஷாஃப்டோடு பிடித்து வைத்திருப்பது பக்கவாட்டில் இருக்கும், தலையில்லாத ஒரு சின்ன கிரப் ஸ்குரூதான். அது துருப்பிடித்து இறுகிவிட்டால் பத்து நிமிட வேலை இரண்டு நாளுக்கு இழுக்கும். தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டு ஃபேனில் நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். 16 அங்குல ஃபேன், மூன்று இலை அலுமினிய இறக்கை, ஆறு மில்லிமீட்டர் கிரப் ஸ்குரூ. உங்களுடையதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்குரூ போனால் ஐந்து, பத்து ரூபாய். இறக்கை போனால் சில நூறு ரூபாய். ஷாஃப்ட் வளைந்தாலோ, அடி வாங்கிப் பின்னால் நகர்ந்தாலோ மோட்டாரே போய்விடும். அதனால் விட்டுக்கொடுக்க வேண்டிய வரிசை ஸ்குரூ, அப்புறம் இறக்கை. ஷாஃப்டை எந்தக் கட்டத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த வரிசையை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

1. தொடங்கும் முன்: பில், ஸ்டிக்கர், செலவு

முதலில் பில்லையும் வாரன்டி கார்டையும் தேடி எடுங்கள். வாரன்டி இன்னும் இருந்தால் திருப்புளியைத் தொடாமல் சர்வீஸ் சென்டருக்குச் சொல்லிவிடுங்கள். ஸ்குரூவில் டிரில் போட்ட தடம் தெரிந்தால் அப்புறம் வாரன்டி பேச முடியாது.

வாரன்டி முடிந்திருந்தால், அடிப்பாகத்திலோ மோட்டார் மூடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மாடல் பெயரும், 400 மி.மீ. என்பது போன்ற இறக்கை அளவும் இருக்கும். 400 மி.மீ. என்றால் கடைக்காரர் சொல்லும் 16 அங்குலம். கடைசியில் இறக்கையை வெட்ட நேர்ந்தால் புதிது வாங்க இந்தப் படம் கட்டாயம் தேவைப்படும். ஒரே 16 அங்குலத்திலும் இறக்கையின் நடுத்துளை அளவு மாறும். முடிந்தால் பழைய இறக்கையையே கடைக்கு எடுத்துப் போவது இன்னும் நல்லது.

செலவை நான் கேட்டறிந்த அளவில் சொல்கிறேன், ஊருக்கு ஊர் மாறும். துரு இளக்கும் ஸ்பிரே சின்ன டப்பா 100 முதல் 200 ரூபாய். இறக்கையை இழுத்தெடுக்க இரண்டு அல்லது மூன்று கால் உள்ள சின்ன புல்லர் 250 முதல் 500. லேத் பட்டறையில் ஸ்குரூவைத் துளைத்து எடுத்து மரை போட்டுத் தர 100 முதல் 200. புது அலுமினிய இறக்கை 150 முதல் 350 வரை. நேரத்தைப் பொறுத்தவரை, கையால் செய்யும் வேலை மொத்தமே ஒரு மணி நேரம்தான். ஆனால் நடுவில் ஓர் இரவு ஊற வேண்டும். ஆகவே சனிக்கிழமை மாலை தொடங்குங்கள். வெயில் கொளுத்தும் நாளில், வீட்டில் இருக்கும் ஒரே ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம்.

2. உண்மையிலேயே கிரப் ஸ்குரூ இருக்கிறதா என்று பாருங்கள்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. முன்வலையின் கிளிப்புகளைத் தளர்த்தி எடுத்துவிட்டு இறக்கையின் நடுப்பகுதியைப் பாருங்கள்.

இப்போது வரும் பிளாஸ்டிக் இறக்கைகள் பலவற்றில் கிரப் ஸ்குரூவே கிடையாது. முன்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதுதான் இறக்கையை அழுத்திப் பிடிக்கும் நட்டு. அதில் பெரும்பாலும் இடது மரை இருக்கும். வழக்கமாக இறுக்கும் பக்கம், அதாவது கடிகார முள் போகும் பக்கம் சுற்றினால்தான் கழலும். மூடியின் மேல் அம்புக்குறி போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துச் சுற்றுங்கள். அந்த வகை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை.

உலோக இறக்கை என்றால் நடுவில் பின்பக்கமாகத் தடித்த குழாய் போல ஒரு பகுதி இருக்கும். அதுதான் ஹப். அதன் பக்கவாட்டில் ஒரு துளை, துளைக்குள் ஸ்குரூ. டார்ச் அடித்து, இறக்கையைக் கையால் மெதுவாகச் சுற்றி ஹப்பை முழு வட்டமும் பாருங்கள். சிலவற்றில் இரண்டு துளை இருக்கும். ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றைக் கவனிக்காமல் இழுத்துக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கெட்டியாகி இரண்டாவது துளையை அடைத்திருக்கும், பெயின்ட் போலவே தெரியும். நகத்தால் சுரண்டிப் பார்த்துவிடுங்கள்.

3. ஸ்குரூவின் வாயைச் சுத்தம் செய்யுங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், பாதி ஸ்குரூ கெடுவது இங்கேதான். துளைக்குள் இருப்பது ஒற்றை வெட்டு உள்ள ஸ்குரூவா, ஆலன் கீ போடும் அறுகோணக் குழி உள்ளதா என்பது துருவில் தெரியாது. கோணி ஊசியாலோ பழைய காம்பஸ் முனையாலோ குத்திக் குத்தித் துருவை வெளியே எடுங்கள். வெட்டின் அடித்தளம் பளிச்சென்று தெரியும்வரை எடுக்க வேண்டும். அடியில் துரு மிச்சம் இருந்தால் திருப்புளி முழு ஆழம் இறங்காது. மேலோட்டமாகப் பிடிக்கும், திருப்பியதும் வழுக்கி வெட்டின் ஓரத்தைச் சீவிவிடும்.

சுரண்டும்போது வருவது சிவப்புத் தூளா, வெள்ளைத் தூளா என்று கவனியுங்கள். சிவப்பு என்றால் இரும்பின் துரு. எண்ணெயிலேயே இளக நல்ல வாய்ப்பு உண்டு. வெள்ளை என்றால் அலுமினியம் அரித்து வந்தது. இரும்பு ஸ்குரூவும் அலுமினிய ஹப்பும் ஒட்டி இருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். அந்த வெள்ளைப் பொடி மரை இடுக்கில் உப்பிக்கொண்டு ஸ்குரூவைக் கவ்விப் பிடிக்கும், எண்ணெய்க்கு அது கரையாது. கடலோரத்து வீடுகளில் பெரும்பாலும் இந்த வகைதான். அப்படியானால் 5-ஆம் படியில் உள்ள சூடு கட்டாயம் தேவைப்படும் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

4. எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள்

ஸ்குரூ துளை மேலே பார்க்கும்படி இறக்கையைத் திருப்பி, நகராமல் ஒரு துணியை வலைக்கும் இலைக்கும் நடுவில் செருகி வையுங்கள். ஹப்புக்குப் பின்னால், ஷாஃப்டைச் சுற்றி இன்னொரு துணித்துண்டைச் சுற்றுங்கள். துரு இளக்கும் திரவம் வழிந்து மோட்டாரின் முன் புஷ்ஷுக்குள் போனால், அங்கே இருக்கும் நல்ல எண்ணெயைக் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். புஷ் காய்ந்துபோய்க் கொஞ்ச நாளில் கிரீச்சிடும்.

துளை நிரம்ப இரண்டு மூன்று சொட்டு விட்டால் போதும். ஹப்பும் ஷாஃப்டும் சேரும் முன்விளிம்பிலும் ஒரு சொட்டு. ஸ்பிரே கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெயோ டீசலோ சொட்டு விடலாம், மெதுவாக வேலை செய்யும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது நாளாக ஆகப் பிசினாகும். பெட்ரோலும் வேண்டாம். எந்தத் திரவமாக இருந்தாலும் அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் விளக்கோ அடுப்போ வேண்டாம்.

விட்ட பிறகு ஸ்குரூவின் மேல் திருப்புளியை நேராக வைத்து, சின்னச் சுத்தியலால் லேசாகப் பத்துப் பன்னிரண்டு தட்டு தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் மரை வழியாக உள்ளே இறங்கும். தட்டும்போது ஹப்பின் அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் தட்டினால் ஒவ்வொரு தட்டும் ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் பக்கவாட்டு அடியாகப் போய்ச் சேரும். படுக்கப் போகும் முன் இன்னொரு முறை சொட்டு விட்டுத் தட்டிவிட்டு, காலையில் பாருங்கள்.

5. பொருத்தமான திருப்புளி, பிறகு சூடு

திருப்புளியின் நுனி ஸ்குரூ வெட்டின் முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும், ஆனால் துளையின் சுவரில் உரசக் கூடாது. ஆறு மில்லிமீட்டர் ஸ்குரூவுக்கு ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றே குறைந்த அகல நுனி சரியாக இருக்கும். நுனி தேய்ந்து உருண்டிருந்தால் அரத்தால் தட்டையாகத் தீட்டிக்கொள்ளுங்கள். ஆலன் வகை என்றால் புது ஆலன் கீ வேண்டும். முனை மழுங்கிய கீயை எல்லோரும் வீட்டில் வைத்திருக்கிறோம், இறுகிய ஸ்குரூவுக்கு அது ஆகாது. உருண்டை முனை உள்ள கீயும் ஆகாது.

இடது கையால் ஹப்பைப் பிடியுங்கள், இலையைப் பிடிக்காதீர்கள். இலை லேசாக வளைந்தாலும் பிறகு ஃபேன் ஆடும். திருப்புளியை உடம்பின் எடை இறங்கும்படி அழுத்திக்கொண்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி திருப்புங்கள். அப்புறம் கழற்றும் பக்கம். துரு ஒட்டு விடும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், அது நல்ல அறிகுறி. சத்தமே இல்லாமல் ரப்பரைத் திருகுவது போல மெத்தென்று வந்தால் உடனே நிறுத்துங்கள். அப்போது வளைவது திருப்புளியோ ஸ்குரூவின் வெட்டோதான், மரை நகரவில்லை.

நகரவில்லை என்றால் சூடு வைக்கலாம். அதற்கு முன் எண்ணெயையும் ஸ்பிரேயையும் நன்றாகத் துடைத்து, ஆவி போக அரை மணி நேரம் விடுங்கள். ஸ்பிரே டப்பாவை வேறு அறையில் வையுங்கள். 60 வாட் சால்டரிங் அயர்னின் நுனியை ஸ்குரூவின் மேல் அழுத்தி நான்கைந்து நிமிடம் பிடியுங்கள். 25 வாட் அயர்ன் போதாது, ஹப் எல்லாச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். ஸ்குரூ விரிந்து, பிறகு ஆறிச் சுருங்கும்போது அரிப்பின் பிடி உடைகிறது. சூடாக இருக்கும்போதே ஒரு மெழுகுவத்தியின் முனையை அதன்மேல் வையுங்கள். உருகிய மெழுகு மரைக்குள் தானாக உறிஞ்சப்படும். ஆறியதும் மறுபடி முதலில் இறுக்கி, பிறகு கழற்றிப் பாருங்கள்.

அத்தை வீட்டு ஃபேனில் வெள்ளைப் பொடி நிறைய வந்தது. எண்ணெயில் ஊறவைத்தும் அசையவில்லை. சூடும் மெழுகும் வைத்த பிறகு கால் சுற்று வந்தது, அங்கே நின்றது. அப்படி நின்றால் இழுத்துத் திருகாதீர்கள். திரும்ப இறுக்கும் பக்கம் கொண்டுபோய், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி கழற்றுங்கள். முன்னும் பின்னும் ஆட்டிக் கொண்டுவந்தால் பொடி அரைபட்டு வெளியே வரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும். அவசரப்பட்டுத் திருகினால் அதே பொடி மரையில் சிக்கி ஸ்குரூவை முறித்துவிடும்.

கேஸ் அடுப்பு, புளோ லாம்ப் எதையும் பயன்படுத்தாதீர்கள். அலுமினியம் சிவக்காது, நிறம் மாறிக் காட்டாமலேயே சட்டென்று உருகும். பிளாஸ்டிக் இறக்கைக்கும் இந்தச் சூடு ஆகாது.

6. ஸ்குரூ வந்தும் இறக்கை வரவில்லையா?

ஸ்குரூவை வென்றதும் வேலை முடிந்தது என்று நினைப்போம். இறக்கை அப்போதும் அசையாது. இதற்குக் காரணம் இரண்டு. ஹப்புக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட் நுனி துருப்பிடித்துத் தடித்திருக்கும், ஹப்பின் துளை அதைத் தாண்டி வர முடியாது. இன்னொன்று, ஸ்குரூ அழுத்திய இடத்தில் ஷாஃப்டில் ஒரு பிசிறு எழும்பியிருக்கும்.

முதலில் ஷாஃப்ட் நுனியை உப்புத்தாளால் தேயுங்கள். 220 நம்பர் தாளை ஒரு பட்டை போலக் கிழித்து, ஷாஃப்டைச் சுற்றி இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தால் சீராகத் தேயும். துருத்தூள் புஷ் பக்கம் போகாமல் பின்னால் துணி இருக்கட்டும். பளபளப்பு வந்ததும் ஒரு சொட்டு எண்ணெய். பிறகு நுனியைக் குறட்டால் பிடிக்கலாம், ஆனால் நடுவில் தோல் துண்டோ தடித்த ரப்பரோ வைத்துப் பிடியுங்கள். ஹப்பை முதலில் சுற்றிப் பாருங்கள், இழுக்க வேண்டாம். சுற்ற ஆரம்பித்துவிட்டால் பிசிறு மழுங்கிக்கொண்டு வரும். சுற்றிக்கொண்டே முன்னால் இழுத்தால் வந்துவிடும்.

இந்த இடத்தில் கை தானாகவே சுத்தியலைத் தேடும். ஷாஃப்ட் நுனியில் தட்டிவிட்டால் இறக்கை கழன்றுவிடும் என்று தோன்றும். எங்கள் தெரு வைண்டிங் கடை அண்ணாச்சியிடம் நான் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: “தம்பி, ஷாஃப்டோட மண்டையில அடிச்சீங்கன்னா அது அப்படியே பின்னால போயி பல்சக்கரத்துல முட்டும். அப்புறம் ஃபேன் தலையே ஆட்டாது.” அவர் சொன்னது சரி. டேபிள் ஃபேனில் ஷாஃப்டின் பின்முனையில் புழு மரை வெட்டியிருப்பார்கள், தலையை இடம் வலமாகத் திருப்பும் பல்சக்கரம் அதில்தான் மாட்டியிருக்கும். அந்தச் சக்கரம் பெரும்பாலும் நைலான் அல்லது ஃபைபர், அடி தாங்காது. பின் புஷ்ஷின் வாஷர்களும் நசுங்கும்.

கையால் வரவில்லை என்றால் புல்லர் போடுங்கள். அதன் கால்கள் ஹப்பின் பின்விளிம்பைப் பிடிக்க வேண்டும், இலையின் தகட்டைப் பிடிக்கக் கூடாது. நடு போல்ட்டின் முனை ஷாஃப்டின் மையத்தில் உட்கார வேண்டும். போல்ட்டைக் கால் சுற்று இறுக்கி ஒரு நிமிடம் விட்டு, மறுபடி கால் சுற்று. இழுவை முழுவதும் ஹப்புக்கும் ஷாஃப்டுக்கும் நடுவிலேயே நடப்பதால் மோட்டார் உள்பாகங்களுக்கு அடி போகாது. புல்லர் வாங்க மனமில்லை என்றால் பைக் மெக்கானிக் கடையில் கேட்டுப் பாருங்கள், சின்ன புல்லர் வைத்திருப்பார்கள். ஹப்புக்குப் பின்னால் இரண்டு திருப்புளியைச் செருகி நெம்பும் வழக்கம் உண்டு, அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திருப்புளி ஊன்றும் இடம் மோட்டாரின் வார்ப்பு மூடி, அது விரிசல் விட்டுவிடும்.

7. ஸ்குரூவின் வாய் கெட்டுவிட்டால்

இங்கே இரண்டு வழி உண்டு. துளைத்து எடுப்பது ஒன்று, ஹப்பை வெட்டுவது இன்னொன்று.

வெட்டு உள்ள ஸ்குரூ பெரும்பாலும் மென்மையான இரும்பு, டிரில் ஏறும். ஆலன் ஸ்குரூ கடினப்படுத்தப்பட்டது, சாதாரண பிட்டின் முனையைத் தின்றுவிடும். வீட்டு டிரில்லில் செய்வதானால் நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி குத்தி, 2.5 மி.மீ. பிட்டில் தொடங்கி 4 மி.மீ. வரை மெதுவாகப் பெரிதாக்குங்கள். பிட் அலுமினியப் பக்கம் வழுக்கப் பார்க்கும். அது மென்மையான உலோகம், பிட் அந்தப் பக்கமே சாயும். ஆழம் கடந்து ஷாஃப்டைத் துளைக்காமல் இருக்க, பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நடு துளைந்ததும் மீதி ஓடு பலவீனமாகி ஊசியால் நெம்பினாலே சில சமயம் வரும். கை நடுங்கும் என்று தோன்றினால் ஃபேனைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போங்கள். அவர்கள் டிரில் ஸ்டாண்டில் நேராகப் போட்டு எடுத்து, மரையையும் சரிசெய்து கொடுப்பார்கள்.

இறக்கை ஏற்கெனவே வளைந்தோ வெடித்தோ இருந்தால் அதைக் காப்பாற்ற இவ்வளவு சிரமம் எதற்கு? ஹப்பின் நீளவாக்கில் ஹாக்ஸா பிளேடால் அறுங்கள். ஷாஃப்டைத் தொட ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போது நிறுத்தி, அந்த வெட்டில் தட்டைத் திருப்புளியைச் செருகித் திருகினால் ஹப் வாய் பிளந்து பிடியை விடும். அலுமினியம் சீக்கிரம் அறுபடும். ஆனால் அதன் தூள் மோட்டாருக்குள் போகாதபடி முன்மூடியைத் துணியால் முழுவதும் மூடிவிட்டு அறுக்க வேண்டும்.

8. திரும்ப மாட்டும்போது

ஷாஃப்டில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். புது ஸ்குரூ அந்தத் தட்டையில்தான் உட்கார வேண்டும், உருண்டைப் பக்கத்தில் உட்கார்ந்தால் மறுபடி பிசிறு எழும்பும். தட்டை இல்லாவிட்டால், பழைய பிசிறை மட்டும் அரத்தால் எடுத்துவிட்டுப் பழைய குழியிலேயே உட்காரவையுங்கள். பழைய ஸ்குரூ நல்லபடியாக வந்திருந்தாலும் அதையே போடாதீர்கள். ஸ்குரூவின் மரையிலும் ஷாஃப்டிலும் மெல்லிய கிரீஸ் தடவிவிடுங்கள். ஈரம் உள்ளே போகாமல் அதுதான் தடுக்கும். முன் புஷ் பக்கம் இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெயும் விட்டுவிடுங்கள்.

இறுக்கிய பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். பின்வலையின் ஏதோ ஒரு கம்பியைக் குறி வைத்து, ஒவ்வோர் இலை நுனியும் அந்தக் கம்பியிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறது என்று அளவுகோலால் பார்க்கலாம். மூன்றும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓர் இலை மட்டும் தெளிவாக விலகியிருந்தால் அது கழற்றும்போது வளைந்திருக்கிறது, கையாலேயே மெதுவாகச் சரிசெய்யலாம். பிறகு ஸ்பிரே வாடை போயிற்றா என்று பார்த்து, முன்வலையை மாட்டிவிட்டு, குறைந்த வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். ‘டக் டக்’ என்று சுற்றுக்கு ஒரு முறை சத்தம் வந்தால் ஸ்குரூ தட்டையில் உட்காரவில்லை. நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஸ்குரூவைத் தளர்த்தி இறக்கையை லேசாகத் திருப்பி மறுபடி இறுக்குங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, கோடை தொடங்கும் முன், அந்த ஸ்குரூவை ஒரே ஒரு முறை முழுவதும் கழற்றிக் கிரீஸ் தடவி மாட்டிவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.